அரிவாள்மனையைப் பரண் மேல் போட்டுவிட்டேன்

மேடம், எனக்கு 27 வயது. முதல் பிள்ளை, நாலு மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் தூளியில் பாப்பா தூங்கினாள். திடீரென்று, ‘இந்த அரிவாள்மனையால் இவளை ஏதாவது செய்துவிட்டால்?’ என்று ஒரு நினைப்பு. உடம்பே சில்லிட்டுவிட்டது. அன்றே அரிவாள்மனையைப் பரண் மேல் போட்டுவிட்டேன். பாப்பாவோடு தனியாக இருக்கப் பயந்து அம்மாவை வரவழைத்திருக்கிறேன். ‘நான் அப்படிச் செய்வேனா?’ என்று கணவரிடம் தினமும் கேட்கிறேன், ‘மாட்டே’ என்று அவர் சிரிக்கிறார். பெற்ற தாய்க்கு இப்படித் தோன்றுமா? டாக்டரிடம் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?
- பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

தோன்றும். முதல் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் கேட்டு, கனடாவில் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர், தாங்களே வேண்டுமென்று குழந்தைக்குத் தீங்கு செய்வதுபோல் நினைப்பு வந்ததைச் சொல்லியிருந்தார்கள். வெளியே சொல்லாததால்தான் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் என்று தவிக்கிறார்கள்.

பிள்ளை பிறந்ததும் தாயின் மனம் ராத்திரி பகலாகக் காவல் நிற்கிறது. தூளிக் கயிறு இறுக்கமா, பக்கெட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். தேடுகிற மனம் சில நேரம் ‘என் கையே ஆபத்தானால்?’ என்றும் கேட்டுவிடுகிறது. செய்ய வேண்டும் என்ற எண்ணம் வேறு. அதில் விருப்பம் இருக்கும், அடுத்து என்ன செய்வது என்ற யோசனை இருக்கும். செய்ய நினைக்கிறவர் ஆயுதத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பார், உதவிக்கு அம்மாவை வரவழைக்க மாட்டார்.

அந்த நினைப்பு வந்த பிறகு நடந்ததுதான் இப்போது உங்களை வாட்டுகிறது. 1978-ல் லண்டனில் உளவியலாளர்கள் ராக்மன், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா இருவரும், வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களுக்கு வரும் நினைப்புகளையும் நோயில்லாதவர்களுக்கு வருபவற்றையும் ஒப்பிட்டார்கள். உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். மற்றவர்கள் ‘சீ’ என்று அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நீங்கள் அதைப் பிடித்து உட்காரவைத்து விசாரிக்கிறீர்கள். அரிவாள்மனையைப் பரணில் போட்டதும் ஒரு நிம்மதி வந்திருக்கும். அந்த நிம்மதியே ‘அப்படியானால் ஆபத்து நிஜம்தான்’ என்று மனதுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. கணவர் சொல்லும் ‘மாட்டே’யும் சாயங்காலம் வரைதான் தாங்குகிறது, இல்லையா?

இதற்குச் செய்கிற சிகிச்சை, பயப்படுவதை ஒதுக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிம்மதிக்காகச் செய்வதை மட்டும் நிறுத்துவது. படிப்படியாகத்தான். முதலில் அரிவாள்மனை சமையலறைக்குத் திரும்ப வரட்டும், நீங்கள் மட்டும் இருக்கும்போது நறுக்குங்கள். அது பழகியதும், பாப்பா அடுத்த அறையில். பிறகு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தூளியில், வழக்கமான தூரத்தில். நினைப்பு வரும். ‘வந்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் காயை நறுக்குங்கள். அதை விரட்ட சாமி பெயர் சொல்ல வேண்டாம், விரட்ட விரட்டத்தான் அது கூடும். பயம் நூற்றுக்கு எண்பது இருந்தாலும் எழுந்து போகாமல் இருங்கள், அரை மணி, முக்கால் மணியில் தானாகத் தணியத் தொடங்கும். தணியாத நாளும் உண்டு. அன்றும் எழுந்து போகவில்லை என்றால் அதுவே போதும். கணவரிடம் ‘நான் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், பக்கத்தில் மட்டும் இருங்கள்’ என்று சொல்லிவையுங்கள்.

இதை ஒரு மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர் துணையோடு செய்வது நல்லது. மாத்திரை வேண்டியிருந்தால், தாய்ப்பால் கொடுக்கும்போதே எடுக்கக்கூடியவை இருக்கின்றன. இந்த மாதிரி நினைப்பை அவர்கள் அடிக்கடி கேட்கிறவர்கள், இதைச் சொன்னதற்காகப் பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள். ‘நினைப்பு வருகிறது, எனக்கு அதில் விருப்பமில்லை, பயமாக இருக்கிறது’ என்று நீங்கள் எனக்கு எழுதியதைப் போலவே சொல்லுங்கள். முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஒரு நிலைமை மட்டும் முற்றிலும் வேறு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வருவது, பெரும்பாலும் பிரசவமான முதல் சில வாரங்களில். ராத்திரி முழுக்கத் தூங்காமலும் களைப்பே தெரியாது, யாரோ கட்டளையிடுவதுபோல் குரல் கேட்கும், ‘இது என் பிள்ளை இல்லை’, ‘இதைச் செய்வதுதான் சரி’ என்று தோன்றும். அங்கே பெரும்பாலும் அந்த நினைப்பைப் பார்த்துப் பயம் வராது, அதுதான் உண்மை என்ற நம்பிக்கை இருக்கும். அப்படி யாருக்காவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, தாயையும் பிள்ளையையும் தனியாக விடக்கூடாது. சாக வேண்டும் என்று தோன்றினாலும் அப்படித்தான், காத்திருக்கக்கூடாது. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் நேரில் ஒருவர் உங்களிடம் கேட்டு உறுதி செய்யட்டும்.

இன்னொன்று. பயம் வரும்போதெல்லாம் இந்தப் பதிலை எடுத்துப் படிக்கத் தோன்றும். அது கணவரிடம் கேட்பதற்குச் சமம்தான். இன்று ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வையுங்கள், நாளைக் காலையில் பரணிலிருந்து அரிவாள்மனையை இறக்குங்கள்.