16 வயதாகியும் வயதுக்கு வரவில்லை: மாத்திரைக்கு முன் ஸ்கேன்

"என் மகளுக்கு 16 வயது முடிந்துவிட்டது. இன்னும் வயதுக்கு வரவில்லை. மார்பு வளர்ச்சி 12 வயதிலேயே தொடங்கிவிட்டது, உயரமும் நன்றாகத்தான் இருக்கிறாள். நானே 15 வயதில்தான் வயதுக்கு வந்தேன், அதனால் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். மாத்திரை போட்டால் வந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது, டாக்டர்?"

இனி பொறுக்க வேண்டாம். மாத்திரையும் இப்போது வேண்டாம். முதலில் வயிற்று வழியாக ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

தாய் தாமதமாக வயதுக்கு வந்திருந்தால் மகளுக்கும் தாமதமாவது உண்மைதான். ஆனால் அந்த மாதிரித் தாமதத்தில் எல்லாமே தாமதமாகும். மார்பு வளர்ச்சி பிந்தும், உயரம் கூடுவது பிந்தும், கடைசியில் மாதவிடாயும் பிந்தும். உங்கள் மகளுக்கு மார்பு வளர்ச்சி நேரத்துக்கே தொடங்கியிருக்கிறது. அது தொடங்கி இரண்டு, இரண்டரை வருடத்தில் பொதுவாக முதல் மாதவிடாய் வரும். மூன்று வருடம் தாண்டினாலோ, 15 வயது முடிந்தாலோ காரணம் தேட வேண்டும். 13 வயது வரை மார்பு வளர்ச்சியே தொடங்கவில்லை என்றால், 15 வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

மார்பு வளர்ச்சியை நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மார்பு வளர்ந்திருக்கிறது என்றால் உடலில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சுரந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அடுத்த கேள்வி: கர்ப்பப்பை இருக்கிறதா, இருந்தால் ரத்தம் வெளியே வர வழி திறந்திருக்கிறதா? இந்த இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனையில் பதில் கிடைக்காது. ஸ்கேனும், பொறுமையாக வெளிப்புறத்தைப் பார்க்கும் ஒரு பரிசோதனையும்தான் சொல்லும்.

வழி அடைபட்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் எளிதாகப் புரியும். அவளுக்கு 15 வயது. சிறுநீர் சுத்தமாக வரவில்லை என்று இரவில் கூட்டி வந்தார்கள். அதற்கு முன் ஆறு மாதமாக அடிவயிற்று வலி. ஒரு முறை அல்சர் என்று மருந்து கொடுத்திருந்தார்கள், இன்னொரு முறை சிறுநீர்த் தொற்று என்று. வலி வந்த நாட்களை அவள் அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். வட்டங்கள் நான்கைந்து நாள் சேர்ந்து சேர்ந்து இருந்தன, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட நான்கு வாரம். அவளுக்கு மாதவிடாய் ஆறு மாதமாக வந்துகொண்டுதான் இருந்தது, வெளியே வர வழிதான் இல்லை. கன்னிச்சவ்வில் பிறவியிலேயே இருக்க வேண்டிய திறப்பு இல்லை. தேங்கிய ரத்தம் பிறப்புறுப்புப் பாதையை உப்ப வைத்து, முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பாதையை அழுத்திவிட்டது. பார்த்தபோது சவ்வு நீலம் பாய்ந்து வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. மயக்கம் கொடுத்து அதைத் திறந்தோம். சாக்லேட் நிறத்தில் கெட்டியாகப் பழைய ரத்தம் வந்தது. அடுத்த சுழற்சியிலிருந்து அவளுக்கு எல்லோரையும் போல மாதவிடாய்.

இந்தப் பெண்ணுக்கு 'வரவழைக்கும்' மாத்திரை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மாத்திரை புரோஜெஸ்டிரான் வகை. சில நாள் கொடுத்து நிறுத்தினால், கர்ப்பப்பையின் உள்படலம் உதிர்ந்து ரத்தம் வரும். வழி அடைபட்டிருந்தால் அந்த ரத்தமும் உள்ளேதான் போய்ச் சேரும், வலி கூடும். கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு எத்தனை தடவை கொடுத்தாலும் ஒன்றும் வராது. சரி, வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மாதவிடாய் ஏன் தானாக வரவில்லை என்பது தெரியாது. காரணம் மறைந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் மகளிடம் கேளுங்கள்: மாதாமாதம் சில நாள் மட்டும் அடிவயிறோ இடுப்போ வலிக்கிறதா? பிள்ளைகள் இதைத் தாமாகச் சொல்வது குறைவு.

வலியே இல்லை, மார்பு வளர்ச்சி நன்றாக இருக்கிறது என்றால், கர்ப்பப்பை பிறவியிலேயே உருவாகாமல் இருந்திருக்கலாம். சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. சினைப்பைகள் சரியாக இருக்கும், அதனால்தான் மற்ற வளர்ச்சியில் குறை தெரியாது. இவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் ஒன்று மட்டுமே இருக்கலாம், அல்லது இடம் மாறி இருக்கலாம். அதையும் அதே ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். பிறப்புறுப்புப் பாதை குட்டையாக இருக்கும். அதை மெல்ல நீளப்படுத்தப் பயிற்சி முறைகள் உண்டு, பல நேரம் அறுவை சிகிச்சையே தேவைப்படாது. ஆனால் அதை எப்போது தொடங்குவது என்பது அவள் முடிவு, பெற்றோர் முடிவு அல்ல. கருமுட்டை அவளுடையதாகவே இருப்பதால், வாடகைத்தாய் முறையில் அவளுடைய குழந்தையைப் பெற மருத்துவத்தில் வழி இருக்கிறது. இதை அவளிடம் மறைத்து வைப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. தன் உடம்பைப் பற்றி முதலில் தெரிய வேண்டியவள் அவள்தான்.

கர்ப்பப்பை இல்லை என்று தெரிந்தால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவும், குரோமோசோம் பரிசோதனையும் பார்ப்போம். மார்பு வளர்ந்தும் அக்குளிலும் கீழேயும் முடி மிகக் குறைவாக இருக்கும் சில பெண்களுக்கு, வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்ஒய் குரோமோசோம் இருப்பது இப்படித்தான் தெரியவரும். அவர்கள் உடல் ஆண் ஹார்மோனுக்குச் செவிசாய்க்காததால் பெண்ணாகவே வளர்ந்தவர்கள். அவர்களுக்கான ஆலோசனை தனி.

கர்ப்பப்பை இருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது என்றால் அப்புறம்தான் ஹார்மோன் பக்கம் போக வேண்டும். தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், சினைப்பையைத் தூண்ட மூளைப் பக்கமிருந்து வரும் எஃப்.எஸ்.ஹெச். மூன்றும் அடிப்படை. முகத்தில் முடி, அதிகப் பரு இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லும் பி.சி.ஓ.எஸ். பற்றி யோசிப்போம். வேகமாக எடை குறைந்திருக்கிறாளா, சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா, கடுமையான விளையாட்டுப் பயிற்சியா என்றும் கேட்போம். உடலில் சக்தி போதவில்லை என்றால் மூளை மாதவிடாயைத்தான் முதலில் நிறுத்திவைக்கும். கர்ப்பப் பரிசோதனையும் செய்வோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம் என்பதால் எல்லோருக்கும் செய்வது வழக்கம். அவளிடம் சில நிமிடம் தனியாகப் பேசுவதும் அப்படித்தான்.

மார்பு வளர்ச்சியே இல்லாத பெண்களுக்கு ஆரம்பமே வேறு. எஃப்.எஸ்.ஹெச். அதிகமாக இருந்தால் மூளை கட்டளையிடுகிறது, சினைப்பை பதில் தரவில்லை என்று பொருள். கூடவே உயரமும் குறைவாக இருந்தால் ஒரு எக்ஸ் குரோமோசோம் குறையும் டர்னர் நிலையைத் தேடுவோம், அவர்களுக்கு இதயத்தையும் பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.ஹெச். குறைவாக இருந்தால் கட்டளையே வரவில்லை. வெறும் தாமதமாகவும் இருக்கலாம், மூளைப் பக்கக் கோளாறாகவும் இருக்கலாம். வாசனை தெரிகிறதா என்று கேட்பது இவர்களைத்தான். பிறவியிலேயே வாசனை தெரியாமை ஒரு முக்கியமான தடயம். இவர்களில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஈஸ்ட்ரோஜன் கிடைக்காத கர்ப்பப்பை மிகச் சிறியதாக இருக்கும், ஸ்கேனில் தவறிப்போய் 'கர்ப்பப்பை இல்லை' என்று ரிப்போர்ட் வரலாம். அந்த ஒரு வரியை வைத்து முடிவுக்கு வராமல் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். உள்ளே கருவி நுழைக்கும் ஸ்கேன் இந்த வயதில் தேவையில்லை, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கும் அவளுக்கும் உரிமை இருக்கிறது. மார்பு வளர்ச்சி தொடங்கிய வயது, வலி வந்த தேதிகள், எடை மாற்றம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ இந்த மாதத்துக்குள் பாருங்கள். நடுவில் வலி தாங்க முடியாமல் போனாலோ சிறுநீர் அடைத்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.