பெயரிலேயே பாதி ரசீது

கேள்வி: பேச்சிப்பாறை பக்கத்து மலையோரப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ நண்பர்கள் ஆறு பேர் அறக்கட்டளை தொடங்குகிறோம். 'அகில இந்திய நாஞ்சில் கிராமப்புற மாணவர் கல்வி மேம்பாடு மற்றும் மறுவாழ்வு அறக்கட்டளை' என்று பெயர் யோசித்திருக்கிறோம். நன்கொடையாளர்களுக்கு நம்பிக்கை வருமா?

பதில்: ஆறு பேரும் ஆளுக்கொரு சொல் போட்டீர்களோ? 'அகில இந்திய' என்றதும் லெட்டர்பேடு சங்கம் ஞாபகம் வரும். 'மறுவாழ்வு' என்றால் குடிநோயாளிகளைச் சேர்க்க வழி கேட்டு போன் வரும். 'நாஞ்சில்' இன்னும் மோசம். பழைய நாஞ்சில் நாடு தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். பேச்சிப்பாறைத் தண்ணீர் நாஞ்சில் வயலுக்குப் பாய்கிறது. அதற்காக அணை நாஞ்சில் நாட்டுக்குள் வந்துவிடாது. மஸ்கட்டில் இருந்து பணம் அனுப்பப்போகிற குலசேகரத்துக்காரருக்கு இது தெரியும். ஊரே தெரியாதவர்கள் போல என்று நினைத்துவிடுவார்.

'பேச்சிப்பாறை மலையோர மாணவர் அறக்கட்டளை'. இவ்வளவு போதும். எங்கே, யாருக்கு என்பது வந்துவிட்டது. நாளைக்கு வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கும் உதவலாம் என்றால், அதை அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்களில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரை நீட்ட வேண்டாம்.

இதைவிட முக்கியம், அந்தப் பெயரின் ஆங்கில எழுத்து. எனக்குத் தெரிந்த ஓர் அறக்கட்டளை பத்திரத்தைத் தமிழில் மட்டும் பதிந்தது. பான் கார்டுக்கு விண்ணப்பித்தவர் Arakattalai என்று ஒற்றை k போட்டார். வங்கிப் படிவம் நிரப்பியவர் Trust என்று மொழிபெயர்த்தே விட்டார். நோட்டீசில் அச்சானதோ Arakkattalai. வங்கி, பெயர் ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பியது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைத்திருத்தல் ஆவணம், பானில் திருத்தம் என்று அலைந்து கணக்குத் தொடங்குவதற்குள் பள்ளிக்கூடம் திறந்து, நோட்டு வாங்கும் காலமும் போய்விட்டது.

எனவே பத்திரத்திலேயே தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்:

Pechiparai Malaiyora Maanavar Arakkattalai

பான், வங்கிக் கணக்கு, வருமான வரி விலக்குப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் பதிவு, ரசீதுப் புத்தகம் எல்லாவற்றிலும் இதே எழுத்து வரட்டும். பணம் போடுகிறவர் க்யூஆரை ஸ்கேன் செய்ததும் திரையில் பார்ப்பது உங்கள் நோட்டீசை அல்ல, கணக்கின் பெயரை. அது வேறாக இருந்தாலோ, உங்களில் ஒருவரின் சொந்தப் பெயராக இருந்தாலோ, அங்கேயே விரல் நின்றுவிடும். வருமான வரிக்கழிவு கேட்பவருக்கு நீங்கள் தரவேண்டிய நன்கொடைச் சான்றிதழிலும் பதிவான பெயர்தான் வரும்.

'தேசிய', 'பிரதமர்' போன்ற சொற்களைச் சேர்க்கலாமா என்று ஏழாவது நண்பர் யாராவது வந்து கேட்டால், அரசு ஆதரவு இருப்பதுபோல் காட்டும் பெயர்களைத் தடுக்க 1950-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.