வரி போட்டால் பட்டறை வளருமா?

"வியாசர்பாடியில புதுசா மோட்டார் பட்டறை போடுறாங்க. இறக்குமதிக்கு வரி போட்டா வளர்ந்துட மாட்டாங்களா?"

வளரலாம். போட்ட காசு திரும்புமா என்பதுதான் சிக்கல். ஒரு கணக்குக்கு, வெளிநாட்டு மோட்டார் 1,000 ரூபாய், நம் பட்டறை அடக்கம் 1,300 என்று வையுங்கள். 30 சதவீத வரி போட்டால், கொடுங்கையூர் பம்பு கடைக்காரர் மோட்டாருக்கு 300 கூடுதலாகக் கொடுப்பார். ஆண்டுக்கு 10,000 மோட்டார் என்றால் 5 ஆண்டில் 1.5 கோடி. பிறகு கை தேறி அடக்கம் 900 ஆகிறது; ஆண்டுக்கு 10 லட்சம் மிச்சம். ஆனால் 1.5 கோடிக்கு 8 சதவீத வட்டியே 12 லட்சம்! பட்டறை ஜெயித்தும் ஊருக்கு நஷ்டம். பின்னால் வரும் மிச்சம், முன்னால் கொடுத்த கூடுதல் காசை வட்டியோடு ஈடுகட்டுமா என்று பார்ப்பதைப் பொருளியலில் பேஸ்டபிள் சோதனை என்பார்கள்.

அந்த 900 வருமா என்று வரி போடும் நாளில் யாருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் அடக்கம் இறங்குகிறதா என்று பாருங்கள். 1,300-லேயே நின்றுகொண்டு வரியை நீட்டச் சொன்னால், அங்கே யாரும் தொழில் கற்கவில்லை.