ஏழு வருட வண்டி வாங்கலாமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கணக்கு

"அண்ணா, பொள்ளாச்சியில இருந்து கேரளாவுல இருக்குற கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்து மூணு மாசம் ஆச்சு. தேங்காய் ஏத்த ஏழு வருஷம் ஓடின கேரளா நம்பர் சின்ன லோடு வண்டி ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. டேக்ஸ், இன்சூரன்ஸ், புகை, எஃப்.சி. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?"

தம்பி, அந்த ஏழு வருடம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எட்டு வயது வரை வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.யை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். எட்டு தாண்டினால் வருடா வருடம். இங்கே அதை டெஸ்ட் என்பார்கள். கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும், பணத்தைத் தின்பது டெஸ்டுக்கு முந்தைய பட்டறை வேலைதான். தளத் தகடு வெல்டிங், பெயிண்ட், பிரேக், லைட், பிரதிபலிப்பு ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து என் வண்டிக்குப் போன தடவை 14,000 ஆனது. வண்டி நின்றது நான்கு நாள். நாளுக்கு 1,200 வாடகை போனது என்றால் அது 4,800. ஆக ஒரு டெஸ்டுக்கு 18,800. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றால் வருடப் பங்கு 9,400. உங்கள் வண்டிக்கு அடுத்த வருடம் முதல் முழு 18,800ம் வரும்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் வயது பார்க்க மாட்டார்கள். மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள நான்கு சக்கர வாடகைச் சரக்கு வண்டிகளுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 அறிவிப்பின்படி 16,049. சின்ன வண்டி என்று குறைக்க மாட்டார்கள். ஜி.எஸ்.டி.யும் உரிமையாளர் விபத்துக் காப்பும் சேர்த்து 18,000 என்று வையுங்கள். கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி சொந்தச் சேதக் காப்புக்கு மட்டும்தான், இதற்குக் கிடையாது.

புகைச் சான்று சிறு செலவு. பி.எஸ்.-4, பி.எஸ்.-6 வண்டிக்கு ஒரு வருடம் செல்லும். ஆனால் இல்லாமல் பிடிபட்டால் சட்டப்படி 10,000 வரை அபராதம்.

சாலை வரியில் நம்மூர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் க்ஷேமநிதி. மோட்டார் தொழிலாளர் நல நிதிக்குப் பணம் கட்டிய பிறகுதான் இங்கே வாடகை வண்டிக்கு வரி ஏற்பார்கள். நான் முதல் வருடம் இது தெரியாமல் வரி கட்டப் போய்த் திரும்பினேன். வரி நிற்க, டெஸ்டும் நின்றது. தேதி கடந்த எஃப்.சி.க்கு நாளுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். அதனால் விலை பேசும் முன்பு விற்பவரிடம் க்ஷேமநிதி ரசீதையும் வரி ரசீதையும் கேளுங்கள். பாக்கி இருந்தால் விலையில் கழியுங்கள்.

இன்சூரன்ஸும் டெஸ்டும் மட்டும் எட்டு வயதுக்குள் வருடம் 27,400. தாண்டினால் 36,800, மாதம் 3,000க்கு மேல். வரி, க்ஷேமநிதி, புகை இதற்கு மேல். இதே அளவு வண்டி நான்கு வயதில் கிடைத்தால், அடுத்த நான்கு வருடத்தில் டெஸ்ட் செலவில் மட்டும் ஏறக்குறைய 28,000 மிச்சமாகும். விலை வித்தியாசத்தை அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.