கடினமான தாள் வேறு, தரம் பிரிக்கிற தாள் வேறு

கேள்வி: "சார், தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 40 பிள்ளைகள். பருவத் தேர்வு 60 மார்க், 2 மணி நேரம். முதல் பருவத்தில் 33 பேர் 50க்கு மேல் வாங்கினார்கள், யாருக்கு என்ன தெரியும் என்றே புரியவில்லை. இரண்டாம் பருவத்தில் கேள்வித்தாள் விற்கிற ஒரு ஏஜென்ட் கொடுத்த செட்டிலிருந்து 'டஃப்' கேள்விகள் சேர்த்தேன். 28 பேர் 25க்குக் கீழே, வகுப்பில் முதலாவது வரும் பிள்ளைக்கே 34தான். ஹெச்.எம். திட்டிவிட்டார். மூன்றாம் பருவத் தாளை எப்படி அமைப்பது? தாளை இணைத்திருக்கிறேன்."

பதில்:

தாளைப் பார்த்தேன் டீச்சர். அதில் உள்ள ஒரு கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆரம் 13.65 மீட்டர் உள்ள வட்டத் தோட்டத்தைச் சுற்றி 2.85 மீட்டர் அகலத்தில் பாதை, பரப்பு காண்க, π = 3.14 என்று எடுத்துக்கொள்க, 5 மார்க். பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்தைக் கழிக்க வேண்டும் என்பது உங்கள் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். மீதி எட்டு நிமிடமும் 16.5ஐயும் 13.65ஐயும் வர்க்கப்படுத்தி, கழித்து, 3.14ஆல் பெருக்குவதில் போயிருக்கும், நடுவில் ஒரு புள்ளி இடம் மாறினால் விடை போச்சு. தெரியாத பிள்ளைக்கும் பூஜ்யம், தெரிந்த பிள்ளைக்கும் ஒன்றோ இரண்டோ. கேள்வி கடினம்தான், ஆனால் யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்கவில்லை. உங்கள் தாளின் கோளாறு முக்கால்வாசி இதுதான்.

கடினத்தை யோசனையில் வைக்க வேண்டும், எண்ணில் வைக்கக் கூடாது. அதே பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அத்தப்பூக்கோலம் பார்க்காத பிள்ளை கிடையாது. விட்டம் 2.8 மீட்டர் உள்ள பூக்கோலத்தைச் சுற்றிக் கயிறு கட்ட எவ்வளவு நீளம் வேண்டும்? π-க்கு 22/7 போட்டால் 8.8 மீட்டர். ஒரே படி, வகுப்பில் செய்த மாதிரியே, இது எளிது. அந்தக் கோலத்தைச் சுற்றி 0.7 மீட்டர் அகலத்தில் இன்னொரு நிறத்தில் ஒரு வளையம் போட்டால் வளையத்தின் பரப்பு என்ன? ஆரங்கள் 2.1, 1.4. வர்க்கங்களின் வித்தியாசம் 2.45, விடை 7.7 சதுர மீட்டர். இங்கே விட்டத்திலிருந்து ஆரத்துக்கு வர வேண்டும், அகலத்தைக் கூட்ட வேண்டும், பிறகு கழிக்க வேண்டும், இது நடுத்தரம். மூன்றாவது: இந்தக் கோலத்துக்கு 6 கிலோ பூ செலவானது, இதைப் போல இரு மடங்கு ஆரத்தில் கோலம் போட 12 கிலோ வாங்கி வந்தார்கள், போதுமா, ஏன்? பரப்பு நான்கு மடங்காகும், 24 கிலோ வேண்டும். கணக்குப் போட ஒரு நிமிடம் போதும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை தனித்துத் தெரிகிற இடம் இது.

60 மார்க்கில் இந்த முதல் வகைக்கு 24, இரண்டாவது வகைக்கு 24, மூன்றாவதுக்கு 12 என்று போடுங்கள். தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று பிள்ளைகளை மனதில் வைத்து, ஆளுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கேள்வி கேள்வியாக எழுதிப் பாருங்கள். தடுமாறுகிற பிள்ளைக்கு எளிதில் 19, நடுத்தரத்தில் பாதிப் படிகளுக்கு 6, ஆக 25. சுமாரான பிள்ளைக்கு 22, 16, 2 என்று 40. கெட்டிக்காரப் பிள்ளைக்கு 24, 22, 8 என்று 54. மூன்றுக்கும் நடுவில் இப்படிக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு மார்க் இடைவெளி வந்தால் தாள் வேலை செய்யும். முதல் பருவத்தில் உங்களுக்கு நடந்தது என்னவென்றால், 60இல் ஐம்பதும் முதல் வகையாகவே இருந்திருக்கும், அப்புறம் எல்லோரும் 50 வாங்கத்தானே செய்வார்கள்.

கடினமான 12 மார்க்கையும் ஒரே கேள்வியில் கொட்டாதீர்கள். மும்மூன்று மார்க்காக நான்கு பாடத்தில் தூவுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு பாடம் நடந்த வாரம் காய்ச்சலில் கிடந்த நல்ல பிள்ளையும் 'சுமார்' ஆகிவிடும்.

இன்னொன்று, சங்கிலிக் கேள்விகள். உங்கள் தாளில் (அ) பரப்பைக் காண்க, (ஆ) அதைக் கொண்டு செலவைக் காண்க, (இ) தள்ளுபடி போக எவ்வளவு என்று இருக்கிறது. (அ)வில் சறுக்கினால் மூன்றும் போகும். ஒரே தவறுக்கு மூன்று தண்டனை. "பரப்பு 6.16 சதுர மீட்டர் எனக் காட்டுக" என்று விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுங்கள், காட்டத் தெரியாத பிள்ளையும் 6.16ஐ வைத்து அடுத்ததைச் செய்யும். மொழியையும் பாருங்கள். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் மலையாளம், ஐந்து வரிக் கதைக்கணக்கு எழுதினால் கணக்கைச் சோதிக்கவில்லை, வாசிப்பைத்தான் சோதிக்கிறீர்கள்.

இப்போது அந்த ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பையில் நாலு செட் வைத்துக்கொண்டு, 'ஈஸி', 'மீடியம்', 'டஃப்' என்று முத்திரை குத்தி வருவார்கள். அந்த முத்திரையை யார் குத்தியது, எந்தப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்துக் குத்தினார்கள் என்று கேளுங்கள், பதில் இருக்காது. ஒரு கேள்வி எளிதா கடினமா என்பது கேள்வியில் மட்டும் இல்லை. நீங்கள் வகுப்பில் அதே மாதிரி இரண்டு செய்து காட்டியிருந்தால் 'டஃப்' கேள்வி எளிது, காட்டாவிட்டால் 'மீடியம்' கேள்வியே மலை. உங்கள் கரும்பலகையில் என்ன எழுதினீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அதே செட்டைப் பக்கத்து டியூஷன் சென்டருக்கும் அவரே விற்கிறார். நான் திருத்திய ஒரு கட்டில் மிகக் கடினமான கேள்விக்கு ஒன்பது பிள்ளைகள் ஒரே வரிசையில், ஒரே சொற்களில் விடை எழுதியிருந்தார்கள், எளிய கேள்விகளில் அதே ஒன்பது பேரில் பாதிப்பேர் தடுமாற்றம். விசாரித்தால் ஒன்பதும் ஒரே டியூஷன். அந்தத் தாள் கெட்டிக்காரர், சுமார் என்று பிரிக்கவில்லை டீச்சர், டியூஷன் காசு கட்டியவர், கட்டாதவர் என்று பிரித்தது. கடினக் கேள்வியில் சரி, எளிதில் தப்பு என்று ஒரு பிள்ளையின் தாள் இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கேள்வி உங்கள் நோட்டில் பிறந்தால் இந்தத் தலைவலி இல்லை, பூக்கோலத்தை வாழைக்குலை ஆக்கி எண்ணை மாற்றினாலே புதுக் கேள்வி.

தேர்வு முடிந்த பிறகு ஒரு மணி நேர வேலை பாக்கி இருக்கிறது, யாரும் செய்வதில்லை. தாள்களை மொத்த மார்க் வரிசையில் அடுக்குங்கள். மேலிருந்து 11, கீழிருந்து 11 எடுங்கள். இது 40இல் 27 சதவீதம், 1939இல் ட்ரூமன் கெல்லி என்ற அமெரிக்கர் கணக்குப் போட்டுச் சொன்ன அளவு, இன்றும் அதுதான் வழக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் மேல் கட்டில் எத்தனை பேர் சரி, கீழ்க் கட்டில் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். பெரிய கேள்வி என்றால் பாதி மார்க்குக்கு மேல் வாங்கியவரைச் சரி என்று வையுங்கள். மேலே 10, கீழே 4 என்றால் வித்தியாசம் 6, நல்ல கேள்வி, பத்திரப்படுத்துங்கள். வித்தியாசம் 4 வந்தாலே போதும். இரண்டு, ஒன்று என்றால் கேள்வியை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் சரியாக எழுதிய எளிய கேள்வியில் வித்தியாசம் வராது, அதைத் தூக்கி எறிய வேண்டாம், அது தடுமாறும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று காட்டவே இருக்கிறது.

வித்தியாசம் தலைகீழாக வந்தால் தப்பு பெரும்பாலும் நம்முடையது. உங்கள் தாளிலேயே ஒன்று அப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறேன்: "இரண்டு கோணங்கள் 60° எனில் அது எவ்வகை முக்கோணம்?" என்று கேட்டு, குறுங்கோணம், சமபக்கம் இரண்டையும் விடைகளில் வைத்து, குறுங்கோணத்துக்கு மட்டும் மார்க் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கோணமும் 60° என்று கண்டுபிடித்த பிள்ளை சமபக்கம் என்று எழுதி மார்க்கை இழந்திருக்கும், அதற்கு மேல் யோசிக்காத பிள்ளை வாங்கியிருக்கும். 'கோண அடிப்படையில்' என்ற சொல் விடுபட்டதுதான் காரணம். இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்துவிடுங்கள்.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தாது, இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பேச்சிப்பாறைப் பக்கம் மலையடியில் ஒன்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை வைத்துக்கொண்டு ஒரு சார் இதே கணக்கைப் போட்டு, நல்ல கேள்விகளையெல்லாம் கழித்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். ஒன்பதில் 27 சதவீதம் என்றால் இரண்டரைப் பிள்ளை. ஒரு பிள்ளை முந்தைய ராத்திரி தூங்கவில்லை என்றால் கேள்வியின் தரமே மாறிவிடும். இருபதுக்குக் குறைவாக இருந்தால் வகுப்பை மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டாகப் பிரியுங்கள், ஒரு வருடக் கணக்கை நம்பாதீர்கள், அதே கேள்வியை எண் மாற்றி அடுத்த வருடமும் கொடுத்து இரண்டு வருடத்தையும் கூட்டிப் பாருங்கள். அதுவரை எண்ணைவிட விடைத்தாளை வாசிப்பதே மேல், பிள்ளை எந்தப் படியில் நின்றது என்று ஒன்பது தாளையும் வாசிக்க அரை மணி நேரம் ஆகாது. தலைகீழ் வித்தியாசம் வந்தாலும் ஒன்பது பேரில் அது தற்செயலாக இருக்கலாம், கேள்வியில் சொல் பிழை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் நீக்குங்கள்.

ஹெச்.எம். விஷயம். அவரையும் குறை சொல்ல முடியாது, மேலே இருந்து வருகிற படிவத்தில் 'அறிவு, புரிதல், பயன்பாடு' என்று கட்டம் கட்டி சதவீதம் கேட்பார்கள், தாளை அச்சடித்த பிறகு அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் நம் வழக்கம், நிரப்பியதை யாரும் படிப்பதில்லை, கடைசியில் கேட்பது 'எத்தனை பேர் பாஸ்' என்று ஒன்றே ஒன்று. எட்டு வரை யாரையும் நிறுத்தி வைக்கப் போவதில்லை, அப்புறம் ஏழாம் வகுப்பில் பாஸ் எண்ணிக்கையைப் பார்த்து யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவரிடம் வாதாட வேண்டாம். 24, 24, 12 என்ற பிரிவையும் மூன்று பிள்ளைகளுக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் மார்க்கையும் ஒரு தாளில் எழுதித் தேர்வுக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

தாளை நீங்களே கடிகாரம் வைத்து முழுப் படிகளோடு எழுதிப் பாருங்கள். உங்களுக்கு 35 நிமிடத்துக்கு மேல் ஆனால் பிள்ளைகளுக்கு 2 மணி நேரம் போதாது, ஒரு நடுத்தரக் கேள்வியை எடுத்துவிட்டு அதன் மார்க்கை மற்றவற்றுக்குப் பிரியுங்கள். ஏஜென்ட் எப்படியும் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு வருவார், அதற்குள் உங்கள் தாள் முடிந்து பீரோவில் பூட்டியிருக்கட்டும்.