டாலருக்கு எப்படி இரண்டு விலை உருவாகிறது?

அரசு டாலருக்கு ஒரு விலையை நிர்ணயித்த பிறகும் வெளியே இன்னொரு விலை எப்படி வருகிறது? கறுப்புச் சந்தைக்காரர்களைப் பிடித்து உள்ளே போட்டால் நின்றுவிடாதா?

நிற்காது. விலையை அரசு நிர்ணயிக்கலாம். அந்த விலைக்கு டாலரைக் கொடுக்க அதன் கையில் டாலர் இருக்க வேண்டும். இல்லாதபோது வங்கிப் பலகையில் இருப்பது வெறும் எண்தான். வாங்க வருபவர் வரிசையில் காத்திருக்கிறார், விற்க வேண்டியவர் வங்கிப் பக்கமே வருவதில்லை.

2021 இன் பிற்பகுதியில் இலங்கையில் நடந்தது இதுதான். மத்திய வங்கி டாலரைச் சுமார் 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது. வெளியே 240 ரூபாய் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வளைகுடாவில் வேலை செய்பவர் 500 டாலரை வங்கி வழியாக அனுப்பினால் வீட்டுக்கு 1,01,500 ரூபாய் வரும். வங்கியைத் தவிர்த்துப் பணத்தைச் சேர்ப்பிக்கும் உண்டியல்காரரிடம் கொடுத்தால் 1,20,000 ரூபாய். 18,500 ரூபாயை விட்டுக்கொடுக்கும்படி ஒரு குடும்பத்திடம் எந்த முகத்தோடு கேட்பது?

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உண்டியலில் போகும் டாலர் நாட்டுக்குள் வருவதே இல்லை. வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் தருவதாக வங்கி உறுதியளிக்கும் கடன் கடிதம் கிடைக்காத ஓர் இறக்குமதியாளர், உள்ளூரில் ரூபாயை உண்டியல் தரகரிடம் கொடுக்கிறார். அந்த ரூபாய் தொழிலாளியின் வீட்டுக்குப் போகிறது. தொழிலாளியின் டாலரோ அங்கிருந்தே வெளிநாட்டு விற்பனையாளரின் கணக்குக்குப் போய்விடுகிறது. 240க்கு வாங்கியவர் சரக்குக்கும் அந்தக் கணக்கில்தான் விலை வைப்பார். ஆகவே 203 என்ற விலையால் கடைக்குப் போகும் மக்களுக்கு லாபம் ஏதுமில்லை. லாபமெல்லாம் அந்த விலைக்கு டாலர் ஒதுக்கீடு பெற்ற சிலருக்கே. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பிறகு இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. வங்கிக்கு வரும் டாலர் குறைய, வரிசை நீள்கிறது; வரிசையில் நிற்பவர்கள் வெளியே போக, வெளிவிலை இன்னும் ஏறுகிறது. வங்கி வழியே அனுப்பினால் டாலருக்கு 10 ரூபாய் கூடுதலாகத் தருவதாக 2021 டிசம்பரில் அறிவித்தார்கள். 37 ரூபாய் இடைவெளிக்கு 10 ரூபாய் எப்படிப் போதும்? 2021 ஜனவரியில் வங்கி வழியாக வந்த பணம் ஏறக்குறைய 67.5 கோடி டாலர். 2022 ஜனவரியில் சுமார் 26 கோடிதான்.

தரகர்களைப் பிடித்தால் அவர்களின் ஆபத்துக்கான கூலியும் விலையில் ஏறுமே தவிர, டாலர் தேவை குறையாது.

அதற்காக வெளிவிலையே உண்மையான விலை என்றும் நினைக்க வேண்டாம். அது குறைந்த அளவு டாலர் மட்டுமே கைமாறும் சந்தை. பயமும் வதந்தியும் அதைத் தூக்கிவிடும். சில நாடுகளில் கட்டுப்பாடு நீங்கியதும் விலை இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். இலங்கையில் அப்படி நடக்கவில்லை. 2022 மார்ச்சில் பிடியை விட்டபோது மத்திய வங்கியின் டாலர் கையிருப்பு கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. இரண்டு மாதங்களில் டாலர் 350 ரூபாயைத் தாண்டியது.