பாவாடை நாடா தடத்தில் வந்த அரிப்பு: கரப்பானா, படர்தாமரையா, அலர்ஜியா?

கேள்வி (சேலம், ஆசிரியை): வட்டமா, ஓரம் சிவந்து இருந்தா படர்தாமரைதானே? போட்டோ பார்த்தே சொல்லிடலாமே?

பதில்: பாதி சரி. படர்தாமரையில் பூஞ்சை வெளிப்பக்கமாகப் பரவிக்கொண்டே போகும், நடுவில் தோல் ஆறிக்கொண்டே வரும். அதனால்தான் ஓரம் மேடாக, செதிலோடு, மோதிரம் மாதிரி தெரிகிறது. ஆனால் கரப்பானிலும் காசு அளவில் வட்டமாக வருகிற வகை உண்டு. புதிதாக இருக்கும்போது வட்டம் முழுக்கப் பொருக்கும் நீர்க்கசிவுமாக இருக்கும். ஆறத் தொடங்கியதும் அதன் நடுவும் வெளிறிவிடும். அந்த நாளில் எடுத்த படத்தைக் காட்டினால் தோல் டாக்டரான நானே தடுமாறுவேன். பூஞ்சை வந்தாலும் அலர்ஜி வந்தாலும் தோலுக்குத் தெரிந்தது சில வேலைகள்தான்: சிவக்கும், தடிக்கும், செதில் உதிர்க்கும், அரிக்கும். நம் மாநிறத்தில் அந்தச் சிவப்பும் பழுப்பாகத்தான் படத்தில் விழும்.

கேள்வி (திருப்பூர்): அம்மாவுக்கு 58 வயசு. பாவாடை நாடா கட்டுற இடத்துல ரெண்டு மாசமா அரிப்பு. மருந்துக்கடையில ஒரு ட்யூப் கொடுத்தாங்க. போட்டா நாலு நாள்ல குறையுது, நிறுத்தினா முன்னைவிட அதிகமாகுது. போட்டோ அனுப்பியிருக்கேன். நாடா அலர்ஜிதானே?

பதில்: அந்த இடத்தில் மூன்றுமே வரும். நாடா உராய்ந்து உராய்ந்து தோல் தடித்துக் கரப்பானாகலாம். நாடாவின் சாயம் ஒத்துக்கொள்ளாமல் அலர்ஜி வரலாம். இறுக்கிக் கட்டிய இடத்தில் வியர்வை நின்று பூஞ்சையும் பிடிக்கலாம். அலர்ஜி என்றால் பெரும்பாலும் நாடா தொடுகிற கோட்டிலேயே நிற்கும். உங்கள் படத்தில் இடது பக்கம் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது, அந்த முனையில் அரைவட்டமாகச் சின்னச் சின்னப் பருக்கள். எனக்குப் பூஞ்சை மேல்தான் சந்தேகம்.

ட்யூப் அட்டையில் க்ளோபெட்டாசால் என்று இருக்கிறதா பாருங்கள். அது வீரியமான ஸ்டீராய்டு. தோலின் எதிர்ப்பை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் குறையும், உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். மோதிர வடிவமும் செதிலும் கலைந்து பார்க்கக் கரப்பான் போலவே ஆகிவிடும். போட்டால் குறைவதும் விட்டால் சீறுவதும் ஸ்டீராய்டு போட்ட கரப்பானிலும் நடக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அந்த ட்யூபை இனிமேல் போட வேண்டாம். அட்டையோடு எடுத்துக்கொண்டு அம்மாவைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஓரத்துச் செதிலைச் சுரண்டி எடுத்து, பூஞ்சை இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது தொடை இடுக்கில் அரிப்பு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை): என் போன் பழசு. நல்ல கேமரா போன் வாங்கினா மூணையும் பிரிச்சுச் சொல்லிடுவீங்களா?

பதில்: போன் வாங்க வேண்டாம். ஃபிளாஷ் நேராக அடித்தால் மேடு பள்ளம் தெரியாது. எண்ணெயோ க்ரீமோ தடவியிருந்தால் செதில் தோலோடு ஒட்டி மறைந்துவிடும். எதுவும் தடவாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தள்ளி ஒன்று, கிட்டே ஒன்று எடுங்கள். ஓரம் மேடா என்பது அதில் தெரியும். பூஞ்சை இருக்கிறதா என்பது அதிலும் தெரியாது.

கேள்வி (லேப் டெக்னீசியன்): சுரண்டல்ல ஒண்ணும் தெரியலைன்னா பூஞ்சை இல்லைன்னு எழுதிக் கொடுக்கிறோம். ரெண்டு வாரத்துல அதே ஆளுக்கு பாசிட்டிவ் வருது. எங்க தப்பு?

பதில்: எங்கே சுரண்டுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். ஆறிய நடுவில் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. மேடான ஓரத்தில், செதில் உள்ள இடத்தில் எடுக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டியதும் அவசரமாகப் பார்த்தால் செதில் கரைந்திருக்காது, பூஞ்சை இழை தெரியாது. ஆள் முந்தின நாள்வரை பூஞ்சை க்ரீம் தடவியிருந்தாலும் நெகட்டிவ் வரலாம். அதைக் கேட்டு ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பையன் தொடையில நேத்து சாயங்காலம் வட்ட வட்டமா இருந்துச்சு. படம் அச்சு அசல் படர்தாமரை. காலையில காணோமே?

பதில்: காணாக்கடியாக இருக்கும். மறுபடி வந்தால் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் அடங்கி வேறிடத்தில் கிளம்பினால் அது பூஞ்சை இல்லை. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி (திருப்பூர், மறுபடி): பூஞ்சைதான்னு வந்தா டெர்பினஃபின் ரெண்டு வாரம் போதும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

பதில்: முன்பு அப்படித்தான் பலருக்குக் கேட்டது. இப்போது நம் நாட்டில் அதிகம் பார்ப்பது ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற வகை. 2020-ல் பெயர் வைத்தார்கள். டெர்பினஃபினுக்கு அடங்காதவை அதில் நிறைய. எந்த மருந்து, எத்தனை வாரம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ஸ்டீராய்டு தடவிய தோலில் பெரும்பாலும் இரண்டு வாரம் போதாது. அம்மாவைப் பார்க்கும் டாக்டர்தான் நாள் கணக்கைச் சொல்ல வேண்டும்.